பயிற்சி மேசையில் எல்லோரும் ராஜா

பயிற்சி மேசையில் தோற்று அழுதவனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? இருக்க முடியாது. ஆன்லைன் ரம்மியில் 'பிராக்டிஸ் சிப்ஸ்' என்று ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுப்பார்கள். தீர்ந்துபோனால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மறுபடி நிரம்பிவிடும். இவ்வளவு தாராளம் நம் நாட்டில் வேறெங்கும் கிடையாது. ரேஷன் கடையில் கைரேகை விழாவிட்டால் அரிசி இல்லை. இங்கே பெயர்கூடக் கேட்காமல் பத்தாயிரம்.

அந்தப் பத்தாயிரத்தை வைத்து ஆடியவன் இரண்டே நாளில் முடிவுக்கு வந்துவிடுகிறான். 'எனக்கு இது வருகிறது.' அடுத்த நாள் அசல் பணத்தோடு உட்காருகிறான். அதே சீட்டு, அதே பச்சை மேசை, அதே பதின்மூன்று அட்டை. ஆனால் வரவில்லை. மென்பொருளில் ஏதோ தில்லுமுல்லு என்று சந்தேகப்படுகிறான்.

அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 2005-இல் கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் 117 சூதாட்டத் தளங்களின் டெமோவை ஆடிப் பார்த்தார்கள். 39 சதவீதத் தளங்களில் டெமோ ஆட்டம் நூற்றுக்கு நூறுக்கும் மேல் திருப்பிக் கொடுத்தது. பணத்துக்கு மாறியதும் அந்தத் தாராளம் காணாமல் போனது. இலவச ஆட்டம் காசு ஆட்டத்தின் உண்மையான வாய்ப்பையே காட்ட வேண்டும் என்று பிரிட்டனில் விதி போடும் அளவுக்குப் போனது விஷயம்.

ஆனால் ரம்மிக்காரர்களுக்கு அந்தத் திருட்டுகூடத் தேவையில்லை. சீட்டை நேர்மையாகக் கலைத்துப் போட்டாலே போதும். நேர்மையாகவே கழுத்தை அறுக்கலாம்.

பாயிண்ட்ஸ் ரம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாயிண்டுக்கு ஒரு ரூபாய் மேசை. முழுசாகத் தோற்றால் 80 பாயிண்ட். கை மோசமாக இருந்தால் முதல் சுற்றிலேயே 'டிராப்' செய்யலாம், நஷ்டம் 20. நடுவில் விலகினால் 40. இந்த விளையாட்டில் மூளை என்று ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது: எப்போது எழுந்து போவது என்பதில்.

பயிற்சி மேசையில் எவன் எழுந்து போவான்? இருந்து ஆடினால் என்ன கெட்டுவிடும்? ஜோக்கர் இல்லை, சீக்வன்ஸுக்கு வழியில்லை, இருந்தாலும் ஐந்து பேரும் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் டிக்ளேர் செய்கிறீர்கள். எதிரில் இருப்பவர்கள் கையில் 60, 70, 45, 80, 55 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 310. திரையில் காசு மழை. நீங்கள் மேதை.

இப்போது அதே சீட்டைப் பண மேசையில் வையுங்கள். உங்கள் கை மாறவில்லை. எதிரில் இருப்பவன் மாறிவிட்டான். அவனுக்குத் தன் காசு வலிக்கிறது. இருவர் சீட்டைப் பார்த்ததுமே 20 கொடுத்துவிட்டு விலகுகிறார்கள். இருவர் நடுவில் 40 கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒருவன் மட்டும் கடைசிவரை இருந்து 15-இல் மாட்டுகிறான். மொத்தம் 135. அதில் மேசைக் கட்டணம் என்று கம்பெனி ஒரு பங்கை எடுக்கும். 15 சதவீதம் என்றால் உங்கள் கைக்கு வருவது 115-க்குக் கொஞ்சம் குறைவு. நேற்று 310 தந்த அதே கை.

நீங்கள் தோற்கும்போது என்ன ஆகும்? பயிற்சி மேசை உங்களுக்கு எழுந்து போகக் கற்றுக்கொடுக்கவே இல்லை. இரண்டு நாள் முழுக்க 'இருந்து பார், சீட்டு வரும்' என்றுதான் பழக்கியது. ஆகவே நீங்கள் இருக்கிறீர்கள். 80 கட்டுகிறீர்கள். வென்றால் பிறர் தருவது இருபதும் நாற்பதும், தோற்றால் நீங்கள் தருவது எண்பது. பயிற்சி என்று பெயர் வைத்துச் சொல்லித் தந்த வித்தை இதுதான். கற்றுக்கொள்ள வந்தவனுக்குத் தோற்கும் பழக்கத்தைச் சிரத்தையாகப் பயிற்றுவித்து அனுப்பும் பள்ளிக்கூடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

டெமோ சொல்லாமல் விட்டது இன்னும் இருக்கிறது. வரி. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து போடும் பணத்தின் முழுத்தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. நீங்கள் 100 ரூபாய் போட்டால், உள்ளடங்கிய வரி போக, ஆட மிஞ்சியது 78 ரூபாய் சொச்சம். ரூபாய் பாயிண்ட் மேசையில் உட்காரக் கையில் 80 வேண்டும். சீட்டைத் தொடுவதற்கு முன்பே நாற்காலி போச்சு. 'கவலைப்படாதீர்கள், அந்த 22 ரூபாயைப் போனஸாக நாங்களே தருகிறோம்' என்று சில கம்பெனிகள் பெருந்தன்மை காட்டின. அந்தப் போனஸை வைத்து ஆடலாம், அதையே வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வென்று மீண்டால் நிகர லாபத்தில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் காத்திருக்கும். பயிற்சி மேசையில் அரசாங்கமே கிடையாது. பண மேசையில் ஏழாவது ஆட்டக்காரராக அரசாங்கமும் உட்கார்ந்திருந்தது. அது டிராப் செய்ததே இல்லை.

எட்டாவது ஆட்டக்காரர் கம்பெனி. அதற்குச் சீட்டே போடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கையிலும் அதற்குத்தான் வெற்றி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 200 ரூபாய் போடுகிறார்கள். 1,200. அந்த 28 சதவீத வரி போக மேசைக்கு வருவது 937. ஒரு கைக்குச் சராசரியாக 20 ரூபாய் கட்டணம் போகிறது என்றால், அதே ஆறு பேர் தங்களுக்குள் மாறி மாறி வென்றும் தோற்றும் ஆடினாலே ஏறக்குறைய 47 கையில் மேசை காலி. ஒரு கைக்கு நாலைந்து நிமிடம். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடிவதற்கு வெகு முன்பே ஆறு பேரும் ஓட்டாண்டி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யார் முதலில் எழுந்து போவது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது அவர்கள் மார்தட்டும் 'திறமை'. டெமோவில் இந்தக் கட்டணம் உறைக்காது. எடுத்தாலும் இலவசச் சில்லிலிருந்துதானே எடுக்கிறான்? பொத்தானை அழுத்தினால் நிரம்பிவிடப் போகிறது.

அந்தப் பொத்தானைத்தான் கவனிக்க வேண்டும். சில்லு தீர்ந்தால் அழுத்து, நிரம்பும். பயிற்சி மேசை விரலுக்குக் கற்றுத்தந்தது அவ்வளவே. பண மேசையிலும் அதே அழுத்தம்தான், பின்னால் யூபிஐ மட்டும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதல் அழுத்தலில் சம்பளம், அடுத்ததில் சீட்டுப் பணம், அதற்கடுத்ததில் கடன் செயலி. விட்டதைப் பிடிக்கிறேன் என்ற வெறி டெமோவில் வராது, ஏனென்றால் அங்கே விட்டது எதுவும் இல்லை. ஆகவே 'எனக்குக் கட்டுப்பாடு உண்டு' என்று டெமோவைப் பார்த்து நம்பியவன், சோதிக்கப்படாத ஒன்றுக்குச் சான்றிதழ் வாங்கியவன். போடும்போது நொடியில் போய்விடும் பணம். எடுக்கும்போது ஆதார், பான், வங்கிக் கணக்கு, 'பரிசீலனையில் உள்ளது'.

இதற்கெல்லாம் எச்சரிக்கை சொன்னார்களே என்பீர்கள். சொன்னார்கள். விளம்பரத்தில் நட்சத்திரம் நிதானமாகச் சிரித்து நிதானமாக அழைப்பார். பிறகு ஒரு குரல் வரும்: நிதி அபாயம் உண்டு, அடிமையாக்கலாம், பொறுப்புடன் விளையாடுங்கள். ரயிலைத் தவறவிட்டவன் ஓடும் வேகத்தில் படிப்பார்கள். வாத்தியார் அடிக்க வரும்போது வாய்ப்பாடு ஒப்பிக்கும் பையன்கூட அதைவிடத் தெளிவாகச் சொல்வான்.

ஆண்டவர்கள் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டில் தற்கொலைச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மாளிகையில் அது மாதக்கணக்கில் படுத்திருந்து, 2023 மார்ச்சில் 'உங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று திரும்பி வந்தது. மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ரம்மியைத் தடுக்க வந்த சட்டம் ரம்மியைத் தவிர மற்றதைத் தடுத்தது. 2025-இல் மாநில அரசு புது விதி கொண்டுவந்தது: நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை பண ஆட்டம் கூடாது. பகலில் தோற்பது உடம்புக்கு நல்லது போலிருக்கிறது. (டாஸ்மாக்குக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. நம் அரசாங்கங்கள் கடிகாரத்தின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அசைக்க முடியாதது.)

2025 ஆகஸ்டில் மத்திய அரசு விழித்தது. மூன்று நாளில் இரு அவையும் தாண்டிக் குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பெரிய கம்பெனிகள் பண மேசையை மடித்து வைத்தன. மூன்று நாளில் முடிகிற காரியத்துக்கு எத்தனை வருடம் 28 சதவீதம் இனித்தது என்று கேட்கக்கூடாது.

தடை வந்து ஒரு மாதம் ஆகவில்லை. செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. ஆன்லைன் பண ஆட்டத்துக்கு வரியை 40 சதவீதமாக உயர்த்தியது. ஆகஸ்டில் ஒழித்த ஆட்டத்துக்குச் செப்டம்பரில் வரி ஏற்றியிருக்கிறார்கள். பிணத்துக்கு வீட்டு வரி நோட்டீஸ் ஒட்டிய நகராட்சிகளைப் பார்த்திருக்கிறோம். விகிதத்தையும் ஏற்றி ஒட்டியது இதுதான் முதல் தடவை.

வெளிநாட்டில் இருந்து கடை விரிப்பவன் சட்டத்தையும் படிக்கவில்லை, வரியையும் கட்டவில்லை. தமிழில் விளம்பரம் அனுப்புகிறான். தளம் முடக்கப்பட்டால் பெயரில் ஒரு எண்ணைச் சேர்த்து மறுநாள் திறக்கிறான். உள்ளே போனால் முதல் பக்கத்திலேயே டெமோ. முதலில் இலவசமாக ஆடிப் பாருங்கள், பிடித்தால் பணம் போடுங்கள் என்கிறான். எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது.