அடிச்சாத்தானே எடுக்கிறதுக்கு?

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், சின்ன கடியாரத்துக்குப் பக்கம் பூக்கட்டி விற்கும் அக்காவுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று பேராவது கடன் கொடுக்கத் துடிக்கிறார்கள். 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து மத்தியானச் சோற்று நேரம் பார்த்து வருகிற அந்த அழைப்பு, மார்க்கெட்டின் வாழைமண்டி வரைக்கும் கேட்கும்படி அலறும். ஒரு தடவைகூட அது அடிக்காமல் போனதில்லை. சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் அவருடைய மகன் அரட்டைச் செயலியில் கூப்பிட்டால் மட்டும் போன் மௌன விரதம் இருக்கிறது. கடன்காரனுக்குத் திறக்கும் கதவு, பெற்ற பிள்ளைக்குத் திறக்காது. இதற்குப் பெயர் ஸ்மார்ட்போன்.

போன மாதம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். பணம் அனுப்பியாகிவிட்டது, எந்தக் கணக்கில் போட்டிருக்கிறேன் என்று சொல்ல மகன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். அக்கா பூக்கூடைக்குப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு, பையன் ஏன் கூப்பிடவில்லை என்று காத்திருந்தார். ராத்திரி வீட்டுக்குப் போய்ச் செயலியைத் திறந்ததும், தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. மறுநாள் அபராதத்தோடு கட்டினார்கள். "நீ எடுக்கவே மாட்டேங்கிறியேம்மா" என்று மகன் கத்த, அக்கா சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

போனை விற்ற கடை தேவராஜ் அரசு ரோட்டில் இருக்கிறது. அக்காவோடு நானும் போனேன். கடைப்பையன் சோதனை செய்த அழகைச் சொல்ல வேண்டும். போனைச் சார்ஜரில் செருகினான். செயலியைத் திறந்தான். தன் போனிலிருந்து கூப்பிட்டான். அடித்தது. "பாருங்கக்கா, செட் சூப்பரா இருக்கு. உங்க பையன் பக்கம்தான் நெட்வொர்க் பிராப்ளம்" என்று சிங்கப்பூரின் தலையில் பழியைப் போட்டான்.

அந்தச் சோதனை தோற்கவே முடியாத சோதனை. செயலி திறந்திருந்தால் அது தன் சர்வரோடு நேராகத் தொடர்பில் இருக்கும், அழைப்பு எப்படியும் வந்துவிடும். சார்ஜரில் இருந்தால் போன் தூங்காது. 2015-இல் ஆண்ட்ராய்டு 6 கொண்டுவந்த 'டோஸ்' என்ற உறக்கத்துக்கு முழுதாகப் போக மூன்று நிபந்தனைகள்: சார்ஜரில் இருக்கக் கூடாது, திரை அணைந்திருக்க வேண்டும், போன் அசையாமல் கிடக்க வேண்டும். யாருடைய போன் அப்படி அசையாமல் கிடக்கும்? பூக்கூடைக்குப் பக்கத்தில், சாமி அலமாரியில், தலையணை ஓரத்தில் வைத்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறவருடையது. யார் அதிகம் காத்திருக்கிறாரோ அவர் போன்தான் அதிகம் தூங்கும்.

தூக்கத்திலும் அழைப்பு வருவதற்கு கூகுள் வழி வைத்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மகன் பொத்தானை அழுத்தியதும் செயலியின் சர்வர், கூகுளின் தபால் சேவையான எஃப்.சி.எம்-இடம் 'அவசரம்' என்று குறித்து ஒரு சேதியைக் கொடுக்கும். கூகுள் சேவைகள் உள்ள ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனும் கூகுளோடு ஒரே ஒரு பொது இணைப்பை எந்நேரமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வழியாக வந்த அவசரச் சேதி, மூடிக்கிடக்கும் செயலியைத் தட்டி எழுப்பும். செயலி சில நொடிகளுக்குள் எழுந்து மணியடிக்க வேண்டும். ஒழுங்கான ஏற்பாடுதான். செயலியை எழுதியவர் 'அவசரம்' என்று குறிக்க மறந்தாலோ, சேதி உறக்கம் கலையும் வரை வரிசையில் நிற்கும். அந்தத் தவறு செயலிக்காரருடையது.

ஆனால் அக்காவின் போனில் நடந்தது அதுவல்ல. அது போன் தயாரிப்பாளரின் கைங்கரியம்.

நாம் எல்லோரும் வேலை முடிந்ததும் கீழிருந்து மேலே தள்ளிச் செயலிகளை மூடுகிறோம். அது ஒரு சுத்தம் என்று நினைப்பு. ஆண்ட்ராய்டின் சொந்தக் கணக்கில் அப்படித் தள்ளுவது பெரிய குற்றமில்லை, அவசரச் சேதி வந்தால் செயலி மறுபடி எழும். சில தயாரிப்பாளர்களோ அந்தத் தள்ளலையே Force stop ஆக்கிவிட்டார்கள். Force stop ஆன செயலியைக் கூகுளின் தபாலும் எழுப்பாது. உரிமையாளர் தன் விரலால் திறக்கிற வரைக்கும் அது பிணம். அக்கா காலையில் செயலியை மூடினார், ராத்திரி திறந்தார். இடையில் வந்த அத்தனை அழைப்பும் பிணத்தின் காதில் ஊதிய சங்கு.

எதற்காக இந்தக் கொலை? பெட்டியின் மேல் 'இரண்டு நாள் பேட்டரி' என்று அச்சடிக்க. பேட்டரியைப் பெரிதாக்கக் காசு ஆகும், செயலியைக் கொல்லக் காசு ஆகாது. இந்தக் கொலைகளைப் பதிவு செய்யவே dontkillmyapp.com என்று ஒரு தளம் இருக்கிறது. தூக்கத்தைக் கண்காணிக்கும் ஒரு செயலியை எழுதியவர்கள், தங்கள் செயலி நடுராத்திரியில் கொல்லப்படுவதைப் பொறுக்காமல் தொடங்கியது. எந்தக் கம்பெனி எவ்வளவு மோசம் என்பதற்கு அங்கே நட்சத்திரம் கொடுப்பதில்லை, மலக்குவியல் படம் போட்டு மதிப்பிடுகிறார்கள். அதைவிட நாகரிகமான அளவுகோல் எனக்கும் தோன்றவில்லை.

இதில் ஜாதியும் உண்டு. கோடிக்கணக்கான பேர் வைத்திருக்கும் பெரிய செயலிகளுக்குப் பல தயாரிப்பாளர்கள் பெட்டியிலேயே விலக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவை அடிக்காவிட்டால் போனையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் அல்லவா? புதிதாக வந்த செயலி, சின்னக் கம்பெனியின் செயலி, உள்ளூர்ச் செயலி எல்லாம் வாசலில் அடிவாங்க வேண்டும். பிறகு அதே மக்கள், "அந்த ஆப் சரியில்ல, கால் வரமாட்டேங்குது" என்று சொல்லிப் பெரியதற்கே திரும்புவார்கள். அடித்தவன் தப்பினான், அடிபட்டவனுக்குக் கெட்ட பெயர்.

இதையெல்லாம் தாண்டி இன்னொரு நியாயம் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. அதிகம் பயன்படுத்தாத செயலியை ஆண்ட்ராய்டு படிப்படியாக ஒதுக்கும். சில மாதங்கள் தொடவே இல்லையென்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் அதை முழு உறக்கத்தில் போட்டு, கொடுத்த அனுமதிகளையும் பிடுங்கிக்கொள்ளும். அப்போது அவசரச் சேதியும் சேராது. இப்போது ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரையும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் எடுப்பார். அழைப்பு அடிக்கவில்லை, அதனால் அவர் செயலியைத் தொடவில்லை. தொடவில்லை, அதனால் போன் அதை மேலும் ஒதுக்குகிறது. ஒதுக்கியதால் அடுத்த அழைப்பும் அடிக்காது. போனின் கணக்கில் அந்தத் தாய்க்கு அந்தச் செயலி தேவையில்லை. காத்திருப்பதும் ஒரு பயன்பாடு என்று இவர்களுடைய கணக்குப்பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சத்தமில்லாமல் வரும் அழைப்பு வேறு வகை. அங்கே சேதி வந்து சேர்ந்துவிட்டது, வாயைத்தான் கட்டியிருக்கிறார்கள். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், நோட்டிஃபிகேஷன் காட்டலாமா என்று செயலி முதலில் கேட்க வேண்டும். தள்ளுபடி விளம்பரங்களால் வெறுத்துப்போன ஜனம், என்ன கேட்கிறது என்று படிக்காமலே Don't allow அழுத்துகிறது. சேலை விளம்பரத்துக்குச் சொன்ன 'வேண்டாம்', பல செயலிகளில் மகனுக்கும் சொன்னதாகிவிடுகிறது. இல்லாவிட்டால், ஏதோ ஒரு நாள் அந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்து Silent தட்டியிருப்பார்கள். அதைச் செயலி தானாக மாற்ற முடியாது, அடுத்த அப்டேட்டும் மாற்றாது. போனின் சொந்தக்காரர்தான் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டிய இடம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

எது பழுது என்று கண்டுபிடிக்கக் கூப்பிடுகிறவரின் திரையே போதும். பல செயலிகளில் முதலில் Calling என்று வரும், எதிர்ப் போனைத் தொட்டதும் Ringing என்று மாறும். அங்கே நெட் இருந்தும் Calling-லேயே நின்றால் சேதி சேரவில்லை, பேட்டரிப் பக்கம் போய்ப் பாருங்கள். Ringing என்று மாறியும் அங்கே சத்தமில்லை என்றால் நோட்டிஃபிகேஷன் பக்கம். அக்காவின் மகனுக்கு Calling-லேயே நின்றது.

கடைப்பையனிடம் போனை வாங்கி நாங்கள் செய்தது இது. செயலியின் தகவல் பக்கத்தில் பேட்டரி என்பதை Unrestricted ஆக்கினோம். பயன்படுத்தாவிட்டால் நிறுத்து என்ற பொருளில் இருந்த Pause app activity if unused என்பதை அணைத்தோம். தானாக எழும் அனுமதியை வேறொரு பட்டியலில் தேடிப்பிடித்துக் கொடுத்தோம். இதை ஒரு கம்பெனி Autostart என்கிறது, இன்னொன்று Auto launch என்கிறது, மூன்றாவது தலைகீழாக Sleeping apps என்று பட்டியல் போட்டு அதிலிருந்து நீக்கச் சொல்கிறது. ஒரே பூட்டுக்கு ஊருக்கு ஒரு பெயர். கடைசியாக, அண்மைச் செயலிகள் திரையில் அந்தச் செயலிக்குப் பூட்டுச் சின்னம் போட்டோம், தள்ளினாலும் சாகாமல் இருக்க. பூக்கட்டும் ஒரு பெண் தன் மகனுடைய குரலைக் கேட்க இத்தனை ஆங்கிலப் பொத்தான்களைக் கடக்க வேண்டும். கடன்காரனுக்கு ஒரு பொத்தானும் தேவைப்படவில்லை, அவன் சிம் வழியாக வருகிறான், அந்த வழியை மறிக்க எந்தக் கம்பெனிக்கும் தைரியம் கிடையாது.

ஆப்பிள்காரன் நல்லவன் என்று சொல்லப்போவதில்லை. ஆனாலும் 2019-இல் ஐ.ஓ.எஸ் 13-இல் அவன் போட்ட விதி ஒன்றைச் சொல்ல வேண்டும்: அழைப்புக்கென்று எழுப்பப்பட்ட செயலி உடனே அழைப்புத் திரையைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அந்தச் செயலியை நிறுத்துவேன். அங்கே மணியடிக்காதது குற்றம். இங்கே மணியடிக்க உயிரோடு இருப்பதே குற்றம்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் கேமராவைப் பார்த்து மயங்காதீர்கள். நீங்கள் பேசுகிற செயலியை அதிலே ஏற்றி, மேலே தள்ளி மூடி, சார்ஜரைப் பிடுங்கி, திரையை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். அடிக்காவிட்டால், அடிக்கிற மாதிரி அமைத்துக் கொடுத்த பிறகுதான் பணம் என்று சொல்லுங்கள்.