முதலாளியின் கட்டைவிரல்

முதலாளிக்கு வாட்ஸ்ஆப்பில் எதை அனுப்பினாலும் அடுத்த நிமிஷம் ஒரு கட்டைவிரல் வந்துவிடும். சேலை விளம்பரத்துக்குக் கட்டைவிரல். பில்லுக்குக் கட்டைவிரல். மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இன்றைக்குக் கடைக்கு வர முடியாது என்று ஒரு நாள் எழுதினேன். அதற்கும் நிமிர்ந்து நின்றது அதே விரல்.

அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் எங்கள் இரண்டு பேர் விளம்பரக் கம்பெனியின் பிழைப்பே இருக்கிறது. ‘பார்த்தேன்’ என்பதா, ‘பார்க்கிறேன்’ என்பதா, ‘போட்டுவிடு’ என்பதா? புதிதில் மூன்றாவது என்று நம்பி ஒரு பட்டுச்சேலைப் படத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டோம். பத்தாவது நிமிஷம் போன்.

“யாரைக் கேட்டும்மா போட்டீங்க?”

“நீங்கதான் சார் விரல் காட்டினீங்க.”

“அது, படம் வந்து சேந்துச்சுன்னு காட்டினது.”

அன்றிலிருந்து அந்த விரலைக் கூரியர்காரர் வாங்கிப்போகிற கையெழுத்து மாதிரி மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். சரக்கு சேர்ந்தது, அவ்வளவுதான். பிரித்துப் பார்ப்பது முதலாளி இஷ்டம். லோகோவைப் பெரிதாக்கச் சொல்வது முதலான மற்ற குணங்கள் எல்லாக் கடைக்காரர்களுக்கும் பொது என்பதால் விட்டுவிடுகிறேன்.

திருச்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு ஆடிப்பெருக்கு எப்பேர்ப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு நாளைக்கு மட்டும் தள்ளுபடி. விளம்பரத்தை ஜூலை 26-ஆம் தேதியே அனுப்பிவிட்டோம். விரல் வந்தது. 29-ஆம் தேதி ஞாபகப்படுத்தினேன். “பாத்துட்டுச் சொல்றேன்மா.” 31-ஆம் தேதியும் அதே. ஆகஸ்ட் 2, ராத்திரி 11.40-க்கு ஒரு குரல் செய்தி: “மகள் சொல்றா, பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்காம்.”

ராத்திரியே பச்சையைத் தணித்து, மறுநாள் அவர் ஓகே சொல்லி, காசு கட்டிய விளம்பரமாக அதை அனுப்பியபோது மதியம் ஒரு மணி. ஓடத் தொடங்கும்போது இருட்டிவிட்டது. அம்மா மண்டபத்தில் முளைப்பாரி விட்டு, மஞ்சள் கயிறு கட்டி, சித்ரான்னம் தின்று எல்லோரும் வீடு திரும்பியாயிற்று. நாலாம் தேதி காலையில் கேட்டார்: “ஏம்மா, நேத்து நம்மளது ஒண்ணுமே வரலையே?”

அன்றைக்குத்தான் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதினேன்.

“அன்புள்ள ஐயா, நாங்கள் பதிவுகளை நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே ஏற்றி வைக்கிறோம். உங்கள் ஒப்புதல் வராதது வரைவாகவே கிடக்கும். நேரம் வந்தாலும் தானாகப் போகாது. ஒரு நிறத்தை மாற்றினால் ஒரு படம் மட்டும் மாறுவதில்லை. சதுரம், நெடுக்கு, ஸ்டோரி என்று மூன்று அளவிலும் திரும்பச் செய்ய வேண்டும். காசு கட்டிப் போடும் விளம்பரத்தை மெட்டா கம்பெனி பரிசோதித்த பிறகுதான் விடும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எப்போது முடியும் என்பது நம் கையில் இல்லை. ஆடிப்பெருக்கன்று நடந்தது இதுதான்.

“இனி ஒவ்வொரு புதன்கிழமையும் அடுத்த வாரத்துக்கான ஐந்து பதிவுகளை எண் போட்டு ஒன்றாக அனுப்புவோம். சனிக்கிழமை பகல் 12 மணிக்குள், எந்த எண் சரி, எதில் என்ன திருத்தம் என்று எழுத்தில் வேண்டும். வீட்டில் யாரைக் கேட்பதானாலும் அதற்குள் கேட்டு, எல்லாத் திருத்தமும் ஒரே தடவையில் வரட்டும். நேரம் தாண்டினால் அந்தப் பதிவு அடுத்த வாரத்துக்குப் போகும். பண்டிகைப் பதிவாக இருந்தால் போகாமலே நின்றுவிடும். நீங்கள் பதில் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். விலை தவறாகப் போய்விட்டால், வாடிக்கையாளர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு உங்கள் கல்லாவுக்குத்தான் வருவார். விலை மாற்றத்துக்கு மட்டும் கெடு இல்லை, எப்போது வேண்டுமானாலும் போன் செய்யுங்கள். கட்டைவிரலை ஒப்புதலாக ஏற்க இயலாது.”

கடைசி வரியை மூன்று தடவை அழித்து, மூன்று தடவை எழுதினேன். மரியாதைக் குறைவாகத்தான் இருந்தது. இருக்கட்டும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பச்சையைத் தணிக்க உட்கார்ந்த பெண்ணுக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறது. இத்தனைக்கும் மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதியே பணம் போட்டுவிடுகிற மனிதர் அவர். அந்த ஒழுங்கில் கால்வாசி பச்சைக்கும் கிடைத்திருக்கலாம்.

அனுப்பிய நிமிஷமே விரல் வந்தது. சாயங்காலம் போனே வந்தது.

“படிச்சேன்மா. சனிக்கிழமை சரிப்படாது.”

நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“சனிக்கிழமை கடையில நிக்க எடம் இருக்காது. நான் எங்க போனைப் பாக்குறது? வெள்ளிக்கிழமை காலையில வைங்க, கடை தொறக்குறதுக்கு முன்னால.”

இத்தனை நாள் சனி, ஞாயிறுகளில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவள் நான். எந்த நாள் வசதி என்று அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை காலை 8.50-க்கு எழுத்திலேயே பதில் வந்தது: “1, 2, 4, 5 ஓகே. 3 மகள் பார்க்கணும்.”