அடுப்பைத் துடைத்தது யார்?

புதுச்சேரியில் நான் படித்த பள்ளியில் பிரெஞ்சு வினைச்சொற்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். ஜெ, த்யூ, இல், நூ, வூ, இல் என்று ஆறு படி. நான்காவது படியான 'நூ'தான் 'நாங்கள்'. அதில் ஏறினால் வினைச்சொல்லின் வாலே மாறிவிடும். 'பார்ல்' என்று அடங்கி ஒலித்தது 'பார்லோன்' என்று நீளும். அந்த வாலைப் பிழையில்லாமல் ஒட்டுகிறவன் கெட்டிக்காரன். நான் கெட்டிக்காரன்.

மூன்றாவது படியில், 'இல்' என்பதற்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ஒரு சொல் இருக்கும். மூக்கிலேயே முடிந்துபோகும் சொல். தமிழில் 'ஓன்' என்று எழுதிக்கொள்ளலாம். அது என்னவென்று ஒருமுறை கேட்டேன். "ஒருவன், யாரோ ஒருவர் என்று அர்த்தம். பழமொழியில் வரும். பரீட்சைக்கு வராது" என்றார் வாத்தியார். பரீட்சைக்கு வராததைப் படிக்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

1991இல் பாரிஸில் பத்தாம் வட்டாரத்து உணவகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது: அந்தச் சமையலறையில் என்னைத் தவிர யாரும் 'நூ' சொல்வதில்லை. "நாம் போகிறோம்" என்பதற்கு நான் இலக்கணச் சுத்தமாக 'நூ ஸாலோன்' என்பேன். காய் நறுக்கும் பையன் கத்தியை நிறுத்திவிட்டு, ராஜா சபைக்கு வந்தவனைப் போல என்னைப் பார்ப்பான். அவர்களுக்கு அது 'ஓன் வா'. கிளம்பலாமா என்றால் 'ஓனிவா?'. பசிக்கிறது என்றால் 'ஓனா ஃபேன்'. பரீட்சைக்கு வராத சொல்தான் அங்கே நாள் முழுக்கச் சாப்பாடு போட்டது.

சரி, 'ஓன்' என்றால் 'நாம்' என்று குறித்துக்கொண்டேன். அங்கேதான் வம்பு தொடங்கியது.

இரவு பதினொன்றரை இருக்கும். கடைசி மேசை எழுந்துவிட்டது. தலைமைச் சமையல்காரர் கையைத் துடைத்தபடி, என்னைப் பார்த்து, "ஓன் நெத்துவா ல ஃபூர்" என்றார். அடுப்பைச் சுத்தம் செய்கிறோம். நல்ல மனுஷன், ஒற்றுமையாகச் செய்வோம் என்கிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. துணியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். காய் நறுக்கும் பையன் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். திரும்பி வந்த சமையல்காரர், துணியோடு சிலையாக நிற்கும் என்னைப் பார்த்து, "அலோர்?" என்றார். என்ன ஆச்சு என்ற கேள்விதான்; ஆனால் அவர் சொன்ன தொனிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டியில் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணை தண்ணீரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த 'ஓன்' எண்டது நீர்தான். நீர் மட்டும்தான்."

கோபப்பட எனக்கு உரிமை கிடையாது. "மருந்து குடிச்சிடலாமா கண்ணு?" என்று கேட்கும் எந்தத் தாயும் ஒரு மடக்குக்கூடக் குடிப்பதில்லை. அதுவும் இதே தந்திரம்தான். ஆனால் நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்கிறவனைச் சேர்த்தா, விட்டுவிட்டா என்று சொல்லே காட்டிக்கொடுக்கும். பிரெஞ்சில் 'ஓன்' யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்பது அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள், கையில் துணி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்த வாரம் இன்னொரு கூத்து. இனிப்பு செய்கிறவர் சிவந்த முகத்தோடு உள்ளே வந்து, "ஓன் மா வொலே மொன் வேலோ!" என்று கத்தினார். நான் குறித்து வைத்த கணக்குப்படி, "நாம் என் சைக்கிளைத் திருடிவிட்டோம்". நான் பதறி, "பா முவா!" என்றேன். நான் இல்லை! சமையலறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சைக்கிளைத் தொலைத்தவரும் சிரித்தார்.

தமிழில் யோசித்திருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். "சைக்கிளைத் திருடிட்டாங்க" என்கிறோம். யார்? தெரியாது. எழுவாயே இல்லாமல் வினையின் வாலில் திருடனை ஒளித்துவைக்கிறோம். பிரெஞ்சுக்காரனால் அப்படி முடியாது. அவன் வினைக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும். ஆள் தெரியாதபோது 'ஓன்' வந்து நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருடன் ஒருத்தனாக இருந்தாலும் நாம் 'ட்டாங்க' என்று பன்மையில் மரியாதை செய்கிறோம். பத்துப் பேர் சேர்ந்து தூக்கிப் போயிருந்தாலும் 'ஓன்' வினையை ஒருமையில்தான் கேட்கும். அதில் அது விட்டுக்கொடுப்பதே இல்லை. நாம், ஊரார், யாரோ ஒருவர், நீ என்று எத்தனை வேடம் போட்டாலும் வினை 'அவன்' என்பதற்குரிய வினைதான்.

அதற்குக் காரணம் பிறப்பு. லத்தீனில் மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ'விலிருந்து வந்த சொல் இது. மனிதன் என்று பொருள்படும் இன்றைய 'ஓம்' அதன் உடன்பிறப்பு. 'ஒருத்தன் வருகிறான்' என்றிருந்தது 'யாரோ வருகிறார்கள்' ஆகி, பிறகு 'நாம் வருகிறோம்' ஆயிற்று. பொருள் பெருகியது, வினை அந்த ஒருத்தனை விடவில்லை. எழுத்துப் பிரெஞ்சில் சில இடங்களில் 'லோன்' என்று முன்னால் ஒரு 'ல்' சேர்த்து எழுதுவார்கள். அது அந்த மனிதன் பெயர்ச்சொல்லாக இருந்த காலத்துச் சுட்டெழுத்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்து அண்ணை எந்தப் பள்ளியிலும் பிரெஞ்சு படித்தவரல்ல. காதால் பிடித்தவர். என்னைவிடச் சரளமாகப் பேசுவார். ஒருநாள் ரகசியத்தைச் சொன்னார். "தம்பி, 'நூ'வை விட்டிடும். வாய்ப்பாட்டில பாதி வேலை முடிஞ்சிது." வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். 'பேசு' என்பதற்கு நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் காதில் விழுவது ஒரே 'பார்ல்'தான், எழுத்தில்தான் வித்தியாசம். 'நூ'வுக்குப் பதில் 'ஓன்' போட்டால் அதுவும் 'பார்ல்'. மிஞ்சுவது 'வூ' ஒன்று. நான் மூன்று வருஷம் மனப்பாடம் செய்ததை அவர் பாத்திரத் தொட்டியில் நின்றே பாதியாக்கிவிட்டார்.

ஆனால் முழுக்க விட்டுவிட முடியாது. 'ஓன்' எழுவாயாக மட்டுமே வரும். 'நம்மோடு', 'நம் வீட்டில்' என்றால் பழைய 'நூ'தான் வர வேண்டும். நான் 'நூ'வை வெறுத்த வேகத்தில் எங்கே வைப்பது, எங்கே எடுப்பது என்று தெரியாமல் தவித்தேன். ஒருநாள் மெட்ரோ வாசலில் நண்பனிடம், நாளை பார்ப்போம் என்று சொல்வதாக நினைத்து, "ஓன் நூ வுவா தெமேன்" என்றேன். "நாளைக்கு நம்மை யாரோ பார்ப்பார்கள்" என்று ஆகிவிட்டது. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். 'ஓன் ஸ வுவா' என்றிருக்க வேண்டும். வினைதான் ஒருமை என்றால் 'தன்னை' என்பதும் ஒருமைக்குரியதே.

இதெல்லாம் அன்று. இன்று நான் 'நூ'வை மட்டும் எழுவாயாக வைத்துப் பேசி வருஷங்கள் ஆகின்றன. "நூ, ஓனே ஃபத்திகே" என்று இரண்டையும் சேர்த்து, நாங்களெல்லாம் களைத்துப் போயிருக்கிறோம் என்று உள்ளூர்க்காரனைப் போல முனகுவேன்.

அந்தப் பெருமை என் மகள் பள்ளிக்கூடம் போனதும் கரைந்தது. விடுமுறையைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையில் 'ஓன்' வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம். ஓரத்தில் "நூ எழுது". 'ஓன்' முட்டாள் சொல் என்று வகுப்பில் சொன்னார்களாம். பிரெஞ்சு வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வசவு அது. ஆக, நான் 1991இல் தலைமுழுகிய வாய்ப்பாட்டைத் தூசி தட்டி எடுத்து, அவளுக்கு வால் ஒட்டச் சொல்லிக்கொடுத்தேன். "யாரும் இப்படிப் பேச மாட்டாங்கப்பா" என்றாள். காய் நறுக்கும் பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

அவளிடமிருந்து நான் கற்றது வேறு. வினை ஒருமை என்றேன் அல்லவா? அதற்குப் பின்னால் வரும் சொல் ஒருமையாக இருக்க வேண்டியதில்லை. "வந்து சேர்ந்துவிட்டோம்" என்பது 'ஓனே அரிவே'. 'ஓன்' நாம் என்று பொருள்படும்போது, நடுவில் இருக்கும் வினை ஒருமையிலேயே நிற்க, கடைசி 'அரிவே' பன்மைக்குரிய 'எஸ்' எழுத்தை வாங்கிக்கொள்ளும். வந்தவர்கள் எல்லோரும் பெண்கள் என்றால் அந்த 'எஸ்'ஸுக்கு முன்னால் இன்னோர் 'ஈ' எழுத்தும் சேரும். கூட்டத்தில் ஓர் ஆண் இருந்தால் போதும், அந்த 'ஈ' போய்விடும். எதுவும் காதில் விழாது. தொலைபேசியில் சொன்னால் ஒன்றும் தெரியாது, எழுதினால் மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டிக்கொண்டாள். பல்கலைக்கழகம் போன முதல் வருஷம், தோழிகளோடு மார்செய் போகிறேன் என்று கிளம்பினாள். "தோழிகள் மட்டும்தானே?" என்றாள் அவள் அம்மா. "ஆமாம்மா." மாலையில் எனக்குக் குறுஞ்செய்தி: 'ஓனே பியேன் அரிவே', நல்லபடியாக வந்து சேர்ந்தோம். கடைசியில் 'எஸ்' இருந்தது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய 'ஈ' இல்லை. அவள் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மகளுக்கு மட்டும் ஒரே கேள்வி அனுப்பினேன்: "ஒரு 'ஈ' குறைகிறதே?" அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அவன் பெயர் எனக்கு எதற்கு என்று கேட்டிருந்தாள்.

அதன் பிறகு உஷாராகிவிட்டாள். 1976 டிசம்பரில் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் எந்தெந்த இலக்கண வழக்குகளைப் பரீட்சையில் பிழையாகக் கருதக் கூடாது என்று ஓர் ஆணை போட்டது. அதில் 'ஓன்' பற்றியும் உண்டு. இங்கே ஆண்பால் ஒருமையாக விட்டுவிடுவதே வழக்கம் என்றும், பலரையோ பெண்ணையோ குறித்தால் பாலும் எண்ணும் காட்டலாம் என்றும் அது சொல்கிறது. ஆக, ஒன்றும் ஒட்டாமல் எழுதினாலும் தப்பில்லை. என் மகள் அந்த ஆணையைப் படித்தாளா, தானாகவே கண்டுபிடித்தாளா தெரியாது. இப்போது எங்கே போனாலும், யாரோடு போனாலும், மொட்டையாக 'அரிவே' என்றுதான் செய்தி வருகிறது. 'எஸ்' இல்லை, 'ஈ' இல்லை.