தபால்பெட்டித் தொலைவும் சைக்கிள் சக்கரமும்: ஓர் ஆய்வு

தெருமுனை டீக்கடையிலிருந்து தபால்பெட்டி சரியாக ஒரு கிலோமீட்டர் என்பது கடைக்காரரின் நெடுநாள் கூற்று. இதற்குக் கல்வெட்டுச் சான்று எதுவும் இல்லை. ஆகவே சைக்கிளின் முன்சக்கரச் சுற்றுகளை எண்ணி அளப்பதென முடிவாயிற்று. முன் போர்க்கில் ஓர் அட்டைத் துண்டும் ஆரக்கம்பியில் ஒரு கிளிப்பும் மாட்டினால், சுற்றுக்கு ஒரு 'டக்'.

ஒரு சுற்று எத்தனை நீளம் என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். முதல் கட்சியினர் டயரில் 28 × 1½ என்றிருப்பதை நம்பி, 28 அங்குல விட்டத்துக்கு 223.4 செ.மீ. என்பர். இரண்டாம் கட்சியினர் அதே டயரில் அழுக்கைத் துடைத்து 40-635 என்ற பொடி எழுத்தைக் கண்டவர்கள். 635 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், 40, காற்றடைத்த டயரின் அகலம், இரண்டும் மில்லிமீட்டர். டயரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றென்று கொண்டு மேலே 40, கீழே 40 சேர்த்தால் விட்டம் 715, சுற்றளவு 224.6 செ.மீ. ஆக, ஒரே டயரில் இரண்டு விடைகள்.

மூன்றாம் கட்சியினர் உருட்டிப் பார்ப்பவர்கள். இவர்களையே இவ்வாய்வு ஆதரிக்கிறது. வழக்கமான அளவுக்குக் காற்றடித்து, வால்வு தரையை நோக்கி நேர்கீழே வரும்படி சக்கரத்தை நிறுத்தித் தரையில் சாக்பீஸ் கோடு போடவேண்டும். பிறகு ஆள் ஏறி உட்கார்ந்து, மற்றொருவர் பிடித்துக்கொள்ள, நேர்கோட்டில் மூன்று சுற்று உருட்டி, வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு. இடைவெளி 666 செ.மீ.; மூன்றால் வகுத்தால் 222. ஆள் ஏறாமல் தள்ளிக்கொண்டே உருட்டுவோர் உண்டு. பாரத்தில் டயர் அமுங்கிச் சுற்று குறுகுவதை அவர்கள் அறியார்.

டீக்கடையிலிருந்து தபால்பெட்டிக்கு 470 'டக்'. முதல் கட்சிக் கணக்கில் 1050 மீட்டர், இரண்டாம் கட்சிக்கு 1056, உருட்டியவர்களுக்கு 1043. காற்று இறங்கியிருந்தால் அதே தூரத்துக்குச் சுற்றுகள் கூடும். எழுத்தை நம்பியவரின் தெரு இன்னும் நீண்டுவிடும். ஹேண்டில்பாரை ஆட்டி ஆட்டி ஓட்டினாலும் அதே கதிதான், முன்சக்கரம் வளைந்து வளைந்து அதிக வழி போகிறது. மாடு குறுக்கே வந்தால் அளவை மறுபடி எடுக்கவும்.

இதெல்லாம் வேலையற்ற வேலை என்பார்க்கு ஒரு சொல். மாரத்தான் பாதையை இன்றும் சைக்கிளால்தான் அளக்கிறார்கள், முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற கருவியை மாட்டி. எஃகு டேப்பால் அளந்த நேர்த்தடத்தில் முன்பும் பின்பும் ஓட்டிச் சக்கரத்தைச் சரிபார்ப்பார்கள், வெயில் ஏறினால் டயர் காற்றும் விரிகிறதே. அத்தனைக்குப் பிறகும் பாதை குறைந்துவிடக்கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிவைப்பார்கள், 42.195 கிலோமீட்டருக்கு 42 மீட்டர்.

ஆய்வு முடிவு கடைக்காரரிடம் முறைப்படி சமர்ப்பிக்கப்பட்டது. 43 மீட்டர் அதிகம் என்றதும், தபால்பெட்டியைத்தான் யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று அவர் மறுத்துவிட்டார்.