கிணற்றுக் காகம்: பாடபேதமும் படிப்பினையும்

தாகமெடுத்த காகம் கல்லைப் போட்டது எதில்? பானையில் என்பர் ஒரு சாரார். குடத்தில் என்பர் இன்னொரு சாரார். ஜாடியில் என்பர் ஆங்கில வழியில் பயின்றோர். கிணற்றில் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதற்கு முன் இதை யாரும் ஆராயவில்லை. ஆராய்வதற்கு வேறு காரணம் வேண்டுமா என்ன?

காகத்தின் நிறம்: கருப்பு.

காகம் ஆணா பெண்ணா: முனைவர் பட்டத்துக்கு உரிய தலைப்பாதலின் இங்கு விரிவஞ்சி விடுத்தாம்.

இனி, கிணறு என்னும் பாடத்துக்கான சான்றுகள். முதலாவது, மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரைந்த படம். வட்டமாக ஒரு வாய், அதன் ஓரத்தில் ஒரு காகம். மேலிருந்து பார்த்தால் பானைக்கும் அதே வட்டம்தானே என்று கேட்பவர்கள் ஆய்வு நெறிமுறை அறியாதவர்கள். இரண்டாவது, அரையாண்டு வினாத்தாளில் கோடிட்ட இடத்துக்குக் 'கிணறு' என விடை எழுதி மதிப்பெண் இழந்த ஒருத்தியின் விடைத்தாள். அதன் ஓரத்தில் ஆசிரியர் இட்ட சிவப்புக் கேள்விக்குறி. அக்கேள்விக்குறி பிற்கால இடைச்செருகல் என்னும் எம் கருத்து. அக்கருத்தை வழிமொழிந்து யாமே எழுதிய மறுப்புரைக்கு மறுப்பு. மூன்றாவதும் தலையாயதுமான சான்று, சத்துணவுக் கூடத்தின் பின்சுவரில் கரியால் எழுதப்பட்டிருந்த கல்வெட்டு. அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். ஆகவே அதில் கிணறு என்ற சொல் இல்லை என்று எவராலும் இப்போது நிறுவ இயலாது. இதைவிட வலுக்குறைந்த சான்றுகளைக் கொண்டு ஒரு மன்னனின் காலத்தையே முந்நூறு ஆண்டு முன்னே தள்ளியவர்கள் நம்மிடையே சால்வையுடன் நடமாடுகிறார்கள்.

மேலைநாட்டுச் சான்றுகளையும் ஒதுக்குவதற்கில்லை. கதை ஈசாப்பின் பெயரில் வழங்குகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, நினைவுச்சின்னம் ஒன்றின் கலத்தில் தேங்கிய மழைநீரைக் காகம் கல்லிட்டு உயர்த்தியதாகத் தம் இயற்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். 2009-ல் பேர்ட், எமரி என்னும் இரு ஆய்வாளர்கள், ரூக் எனப்படும் காக்கை இனப் பறவைகள் நான்கின் முன்னால் நீருள்ள குழாயை வைத்தார்கள். நீரில் ஒரு புழு மிதந்தது. பறவைகள் கல்லைப் போட்டு நீரை உயர்த்திப் புழுவை எடுத்துக்கொண்டன. ஆய்வாளர் ஒருவரின் பெயரே பேர்ட், அதாவது பறவை என்பதைச் சுட்டிவிட்டு மேலே செல்கிறோம்.

நம் பொருளுக்கு நெருங்கியது 2014-ல் நடந்த சோதனை. நியூ கலிடோனியாக் காகங்கள் மிதக்கும் பொருளை விட்டு மூழ்கும் பொருளைத் தேர்ந்தன. மணல் நிறைந்த குழாயை விட்டு நீருள்ள குழாயைத் தேர்ந்தன. ஆனால் அகலக் குழாய், குறுகிய குழாய் இரண்டையும் அருகருகே வைத்தபோது தடுமாறின. குறுகியதில்தான் நீர் விரைவாக ஏறும் என்பது அவற்றுக்குப் புலப்படவில்லை. அதே ஆண்டில் மற்றொரு குழு சோதனையைச் சற்று மாற்றிச் செய்ய, காகங்கள் அகல வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஒரே ஆண்டில் ஒரே பறவை தெரியாததும் தெரிந்ததுமாக இருப்பது அறிவுலகில் வழக்கமே. ஆயினும் பானைக்கும் கிணற்றுக்கும் வேறுபாடு காணாத காகம் ஒன்று இருந்திருக்கக்கூடும் என்பதற்கு இது போதும்.

கதைக்கு வருவோம். முதலில் பானையிலேயே ஒரு சிக்கல் உண்டு. கூழாங்கற்களை எப்படி அடுக்கினாலும் இடையில் சந்து விழும். கல் நிரம்பிய பானையில் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கு இடம் வெறும் சந்துதான். பத்து லிட்டர் பானையில் நான்கு லிட்டர் நீராவது முன்பே இருந்தால்தான் கல் விளிம்பைத் தொடும்போது நீரும் விளிம்பைத் தொடும். இரண்டு லிட்டர் மட்டுமே இருந்தால் நீர் அடியில் சந்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். காகம் கற்குவியலின் மேல் நின்று தன் விடாமுயற்சியை வியந்துகொண்டிருக்கும். ஆக, பாடநூலின் படிப்பினை பாதிப் பானை நீரைச் சொல்லாமல் முன்வைத்துக்கொண்ட படிப்பினை.

கிணற்றில் என்ன ஆகும்? பத்து அடி விட்டமுள்ள சாதாரண வட்டக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். அதில் நீரை ஒரே ஒரு அடி உயர்த்த 2,200 லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே கல் வேண்டும். காகத்தின் அலகுக்கு அடங்கும் கல் ஐந்து கன சென்டிமீட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும் நாலரை லட்சம் கற்கள் ஆகின்றன. நிமிடத்துக்கு ஒன்று வீதம் நாளுக்குப் பத்து மணி நேரம் உழைத்தால் இரண்டு வருடத்தில் முடியும். இதில் அமாவாசைப் படையலுக்குப் போகும் நாள்களைக் கழிக்கவில்லை. காகத்துக்கு அன்று கட்டாய விடுப்பு என்பது அனைவரும் அறிந்ததே.

இரண்டு வருடம் கழித்தாவது நீர் ஒரு அடி ஏறியிருக்குமா? ஏறாது. பானைக்கு அடியும் பக்கமும் அடைப்பு, கிணற்றுக்கு இல்லை. கிணற்றில் தெரியும் நீர், சுற்றியுள்ள மண்ணிலும் பாறை வெடிப்பிலும் நிற்கும் நீரின் ஒரு திறப்பு மட்டுமே. பகலெல்லாம் மோட்டார் போட்டு இறைத்த கிணறு மறுநாள் காலையில் ஊறி நிற்பதைப் பார்த்த எந்த விவசாயிக்கும் இது தெரியும். வெளியே மட்டம் கூடுதலாக இருந்தால் நீர் உள்ளே வரும். உள்ளே கல்லைப் போட்டு மட்டத்தைக் கொஞ்சம் தூக்கினால் அதே வழியாக வெளியே போய்விடும். காகம் நிமிடத்துக்கு ஒரு கல் போடும் வேகத்துக்கு ஊற்றுக்கண் வியர்க்கக்கூட வேண்டாம்.

மாறாத மட்டத்துக்குக் கீழே கல் மட்டும் ஏறிக்கொண்டே வரும். முன்பு நூறு குடம் நின்ற இடத்தில் இனி நாற்பது குடம்தான் நிற்கும். நம் ஊரில் இந்த வேலைக்குப் பெயர் கிணற்றைத் தூர்ப்பது. அதை லாரி வைத்துச் செய்கிறவர்கள் உண்டு. மேலே வீடு கட்டி முடித்ததும் தண்ணீர் இல்லை என்று டேங்கருக்குச் சொல்லிவிடுகிறவர்களும் அவர்களே. காகம் அதைத் தாகத்தினால் செய்தது என்பது மட்டுமே வேறுபாடு.

எனவே இக்கதையின் திருத்திய படிப்பினை: 'கிணற்றில் நீர் இறங்கினால் கல் தேடாதே, பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக ஆயிரம் அடிக்கு போர் போட்டது யார் என்று பறந்து போய்ப் பார்.' காகத்துக்கு இறக்கை இருக்கிறது என்பதை இதுவரை எந்த உரையாசிரியரும் கவனிக்கவில்லை. பறக்கத் தெரிந்த பறவையை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல் பொறுக்க வைத்திருக்கிறார்கள்.

இந்தப் படிப்பினையை விடைத்தாளில் எழுதும் குழந்தைக்கு இரண்டு மதிப்பெண்ணில் பூஜ்யமே கிடைக்கும். விடைக்குறிப்பில் 'விடாமுயற்சி' என்று அச்சிட்டாயிற்று. அக்குறிப்பும் இடைச்செருகலே என்று நிறுவும் எம் அடுத்த கட்டுரை, பாட்டி வடை சுட்டது கடலை எண்ணெயிலா நல்லெண்ணெயிலா என்னும் பொருளில் நடக்கவிருக்கும் இருநாள் கருத்தரங்கில் வாசிக்கப்படும். பேராளர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் உண்டு. குடிநீரை அவரவர் கொண்டுவர வேண்டும்.