சைடர் கணக்கு

சிங்காநல்லூர்ப் பக்கம், ஒரு நூல் மில்லின் கேட்டுக்கு எதிரே அப்பா டீக்கடை வைத்திருந்தார். காலை 8, மாலை 4, நள்ளிரவு 12 என்று மில் சங்கு ஊதும். பகல் ஷிப்ட் முடிந்தவர்களும் அரை நைட்டுக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் கடை முன்னால் நிற்பார்கள். அந்தக் கால்மணி நேரத்தில் யாரிடமும் சில்லறை வாங்கிக்கொண்டிருக்க முடியாது. பாதிப் பேருக்குக் கையில் சில்லறையும் இருக்காது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலை 7ஆம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதனால் அப்பாவின் மாதமும் 7ஆம் தேதிதான் பிறக்கும். அதுவரைக்கும் சிலேட்டு.

கல்லாவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு பெரிய சிலேட்டு தொங்கும். ஆளுக்கு ஒரு வரி. பேர் எழுதுவதில்லை, சைடர், வைண்டிங், பிட்டர் என்று பார்க்கும் வேலையை எழுதியிருக்கும். டீக்கு ஒரு கோடு, வடைக்கு ஒரு சுழி. கோட்டைப் போடுவது அப்பா இல்லை, குடித்தவரே சாக்பீஸை எடுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா கோடுகளை எண்ணிப் பற்று நோட்டில் ஏற்றிவிட்டு, மொத்தப் பாக்கியை வரியின் தலைப்பில் எழுதுவார். தன் கையால் போட்ட கோட்டை யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

கடன் கொடுப்பதில் அப்பாவுக்கு ஒரு கண் உண்டு. பாக்கி எவ்வளவு என்று அடிக்கடி கேட்கிறவர் கொடுத்துவிடுவார். கேட்பதை நிறுத்திவிட்டவரைத்தான் கவனிக்க வேண்டும். தனியாக வந்துகொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு பேரைக் கூட்டிவந்து தன் கணக்கில் டீ சொன்னாலும், அப்பா இல்லாத நேரம் பார்த்து வந்தாலும், அந்த வரி வளரக் கூடாது. ஒரு மாதக் குடிக்கு மேல் யாருக்கும் ஏறவிட மாட்டார். தாண்டிவிட்டால் மனுஷன் கடைப் பக்கமே வர மாட்டான் என்பார். பணம் போவதைவிட ஆள் போவதுதான் அவருக்குப் பெரிய நஷ்டம்.

அந்தக் கட்டுப்பாட்டை அவரே மீறியது 2002இல். மில்லில் சம்பளம் நின்றுபோனது. இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்று மூன்று மாதம் ஆட்கள் வேலைக்குப் போனார்கள். ஸ்பின்னிங்கில் சைடராக இருந்த அண்ணன் ஒருவர் தினமும் இரண்டு டீ, ஒரு வடை. டீ 2 ரூபாய், வடை 1 ரூபாய். நாளுக்கு 5 ரூபாய், 26 வேலை நாளுக்கு 130. மூன்று மாதத்தில் 390 ஆனது. நடுவில் எங்கிருந்தோ புரட்டி 50 ரூபாய் கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் அப்பா இரண்டாம் மாதமே மெதுவாகச் சொல்லியிருப்பார். இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், அரை நைட் முடிந்து வந்து கடையைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனவர் அவர்.

ஒரு புதன்கிழமையோடு மில் கேட் சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு சைடர் வரவில்லை. அவர் வரியின் தலைப்பில் 325 என்று இருந்தது. அதற்குக் கீழே திங்கள், செவ்வாய், புதனுக்கு ஆறு கோடும் மூன்று சுழியும். ஆக 340 ரூபாய். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார் என்றார்கள்.

ஆயுத பூஜைக்கு சிலேட்டைக் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். வராக்கடனையெல்லாம் அப்பா அன்றைக்கே துடைத்துவிடுவார். சைடர் வரியை மட்டும் துடைக்கவில்லை. மூன்று வருஷம் தாண்டிய பாக்கிக்குக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று கடைக்கு வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவர் எடுத்துச் சொன்னார். கோர்ட்டுக்குப் போகிற யோசனை அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே கிடையாது. வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கவும் மாட்டேன் என்றுவிட்டார். வாசலில் போய் நின்று கேட்டால் அதோடு உறவு முடிந்தது. வரி இருக்கிறவரைக்கும் அவர் நம் கடை ஆள், வருஷம் போனாலும் வருவார் என்பார். சாக்பீஸ் மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே எழுதுவார். சைடர் போட்ட கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அப்பாவும் அந்தச் சாய்வு மாறாமல் பார்த்துப் பார்த்து இழுப்பார்.

இப்போது கடை தம்பி கையில். மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். டீ 15 ரூபாய். அன்றைக்கு 170 டீக்கான பாக்கி, இன்றைக்கு 22 டீக்கு வந்து நிற்கிறது. கல்லாவில் ஒட்டியிருக்கும் அட்டையைப் போனில் ஸ்கேன் செய்கிறார்கள், பணம் வந்ததை ஸ்பீக்கர் சொல்கிறது. யாருக்கும் பாக்கி இல்லை. தம்பிக்கு அது பெரிய நிம்மதி, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கடனில் அப்பா இழந்த தொகையை நான் அறிவேன். ஆனால் நாலு நாளாக ஒருவர் வரவில்லை என்பதை அந்த ஸ்பீக்கர் சொல்வதில்லை. சிலேட்டு சொன்னது. கோடு விழாத வரியைப் பார்த்துத்தான், “பிட்டரைக் காணமே, காய்ச்சலா?” என்று அப்பா விசாரிப்பார்.

போன வருஷம், மில்லில் வைண்டிங்கில் இருந்தவர் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

“சைடரு வருசா வருசம் வந்துட்டுதானுங்க இருக்காரு. பென்சனுக்கு உயிரோட இருக்கேன்னு பேங்க்ல சான்று குடுக்கோணுமில்லீங்க. ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி, சந்துக்குள்ள பூந்து போயிருவாரு. உங்க கடையத் தாண்டோணுமேன்னுதான்.”

அப்பா வெகுநேரம் பேசவில்லை. வரட்டும் என்று இத்தனை வருஷம் காத்து வைத்திருந்த வரிதான் அந்த மனுஷனைச் சந்துக்குள் விரட்டியிருக்கிறது. எழுந்து போய் ஈரத்துணி எடுத்தார். மேலே மேலே எழுதியதில் சாக்பீஸ் தடித்துப்போயிருந்தது, ஒரே துடைப்பில் போகவில்லை.

“அவருகிட்டச் சொல்லிப்போடுங்க. சிலேட்டுல அவரு பேர்ல ஒண்ணுமில்லீங்க. டீ குடிக்க வரச் சொல்லுங்க.”

இரண்டு வாரம் கழித்து சைடர் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பெஞ்சில் உட்காராமல் நேராகக் கல்லாவுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார்.

“எவ்வளவுங்ணா?”

“ஒண்ணுமில்லீங்க, அழிச்சாச்சு.”

“நீங்க அழிச்சா ஆச்சுங்களா? நானும் எழுதி வெச்சிருக்கறேன். 348.”

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “340தானுங்க. தினம் பாத்த கணக்கு.”

“செவ்வாக்கெழம அரை நைட் முடிஞ்சு வந்தமுங்க. நீங்க கண்ணாலத்துக்குப் போயிட்டீங்க, மாஸ்டர்தான் இருந்தாரு. நாலு பேருக்கு என் கணக்குல டீ. சாக்பீஸு கல்லாக்குள்ள பூட்டியிருந்துச்சு.”

“பூட்டியிருந்தா அது என் தப்புங்க. அந்த எட்டு ரூவா எனக்கு வேண்டாம்.”

“குடிச்சது நானுங்க.”

தம்பி டீயை ஆற்றிக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான். அப்பா 340க்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறார், சைடர் 348க்குக் குறைய மாட்டேன் என்கிறார். “சரி, 344ன்னு முடிச்சுக்கங்க” என்றான் தம்பி. இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள்.