கூட வாங்கினால் குறையுமா?

கேள்வி: யெஸ் வங்கியில் ஸ்டேட் வங்கிக்கு 2020 மார்ச்சில் 48.2 சதவீதம் இருந்தது, செப்டம்பரில் 30. நடுவில் விற்றுவிட்டு வெளியில் சொல்லாமல் இருந்தார்களா?

பதில்: விற்கவே இல்லை. உண்மையில் கூடுதலாக வாங்கினார்கள்! மார்ச்சில் வங்கியின் மொத்தப் பங்குகள் சுமார் 1,255 கோடி. அதில் ஸ்டேட் வங்கியிடம் 605 கோடி. ஜூலையில் யெஸ் வங்கி, பங்கு 12 ரூபாய் என்று 1,250 கோடி புதுப் பங்குகளை வெளியிட்டது. ஸ்டேட் வங்கி 1,760 கோடி ரூபாய் போட்டு, ஏறக்குறைய 147 கோடி பங்குகள் வாங்கியது. கையிருப்பு 752 கோடியானது, ஆனால் மொத்தம் 2,505 கோடியாகிவிட்டது. வகுத்துப் பாருங்கள், 30 வரும். பந்தியில் இன்னும் ஒரு வடை வாங்கிக்கொண்டார். அதற்குள் வடைச்சட்டியே இரண்டு மடங்காகிவிட்டது.

கேள்வி: புதுப் பங்குக் கணக்கைப் பழைய மொத்தத்தால் வகுத்தேன். 60 சதவீதம் வந்ததே?

பதில்: வாழ்த்துகள், வங்கியே ஸ்டேட் வங்கிக்குச் சொந்தமாகிவிட்டது, உங்கள் நோட்டில் மட்டும். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே தேதியில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

கேள்வி: பிறகு 24 ஆனது, 10.8 ஆனது. இதுவும் அதே கதைதானே?

பதில்: பாதிதான். 2022 டிசம்பரில் கார்லைல், அட்வென்ட் நிறுவனங்களுக்குப் புதுப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவர்களுடைய வாரண்டுகளும் பங்குகளாக மாறின. மொத்தம் 3,130 கோடியைத் தாண்டியது. ஸ்டேட் வங்கியின் 752 கோடி அசையாமல் இருந்தும் 24 சதவீதமாகச் சுருங்கியது. 2025 செப்டம்பர் வேறு. அப்போது ஜப்பானின் சுமிடோமோ மிட்சுய் வங்கிக்கு ஸ்டேட் வங்கி சுமார் 413 கோடி பங்குகளை, ஒன்று 21.50 ரூபாய்க்குக் கொடுத்தது. மொத்தம் மாறவில்லை, கை மாறியது. காசும் விற்றவருக்குத்தான் போனது. புதுப் பங்கு என்றால் நிறுவனத்துக்குப் போயிருக்கும். சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சரிவாகத் தெரியும். எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்தால்தான் எது எதுவென்று பிரியும்.

கேள்வி: அப்படியானால் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்க்கலாமா?

பதில்: போனஸ் பங்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்றுக்கு ஒன்று கொடுத்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகும், சதவீதம் அப்படியே நிற்கும்.

கேள்வி: ஒரே அறிக்கையில் ஒருவருக்கே இரண்டு சதவீதம் போட்டிருக்கிறார்களே! எது நிஜம்?

பதில்: இரண்டும். காலாண்டுப் பங்குதாரர் அறிக்கையில் ஒரு பத்தி, அன்றைக்கு இருக்கும் பங்குகளை வைத்து. இன்னொரு பத்தி, வாரண்டு போன்றவை எல்லாம் பங்காக மாறிவிட்டால் என்ற கணக்கில். 2022 டிசம்பரில் ஸ்டேட் வங்கிக்கு முதல் கணக்கில் 26, இரண்டாவதில் 24. ஒரு ஆண்டுக்கு அதையும் மறு ஆண்டுக்கு இதையும் எடுத்தால், யாருமே விற்காத 2 சதவீதத்தைத் தேடி அலைவீர்கள்.